ஒரே வேலையை இரண்டு சொற்கள் செய்தால்

"மேலூரிலிருந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'நோபடி டிட் நாட் கம்', 'மதுரை இஸ் மோர் ஹாட்டர் தேன் கொடைக்கானல்' இரண்டுமே பிழை என்கிறது விடைப்பட்டியல். எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது, அண்ணா?"

தம்பி, 'யாரும் வரவில்லை' என்பதில் மறுப்பு வினையில் மட்டும் இருக்கிறது. 'யாரும்' தனியாக எதையும் மறுக்காது. ஆங்கில 'நோபடி' அப்படியல்ல, மறுப்பைத் தானே சுமந்து வருகிறது. அதனால் 'நாட்' மிகை. 'நோபடி கேம்' என்று திருத்துங்கள். 'டிட்' போய்விடுவதால் வினை 'கேம்' ஆகிறது. 'எனிபடி டிட் நாட் கம்' என்று மாற்றினால் அதுவும் பிழை. மறுப்புக்கு முன்னால் எழுவாயாக 'எனிபடி' வராது.

தேர்வில் உண்மையில் ஏமாற்றுவது 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி' மூன்றும்தான். பார்வைக்கு மறுப்பாகத் தெரியாது. 'ஐ குட் நாட் ஹார்ட்லி ஹியர் ஹிம்' என்றால் 'நாட்' நீங்க வேண்டும். ஒரு வினைக்குரிய பகுதிக்குள் இத்தகைய சொற்கள் இரண்டு இருக்கின்றனவா என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். 'ஐ டிட் நாட் சே தட் நோபடி கேம்' சரியானதே, ஏனென்றால் அங்கே வினைகள் இரண்டு.

ஒப்பீட்டிலும் இதே சோதனைதான். 'ஹாட்டர்' என்பதன் கடைசி 'அர்' ஒலியே 'மோர்' செய்யும் வேலையைச் செய்துவிட்டது, 'மோர்' நீங்கட்டும். 'மோஸ்ட் டாலஸ்ட்' என்பதில் 'மோஸ்ட்' நீங்கும். ஆனால் 'மச் ஹாட்டர்' கண்ணில் பட்டால் கைவைக்காதீர்கள். 'மச்' எவ்வளவு அதிகம் என்பதைச் சொல்கிறது, ஒப்பீட்டை இரட்டிப்பாக்குவதில்லை.