மட்டக்களப்பை உறைகடலில் குறிக்கும் பிள்ளைகள்

கேள்வி: தரம் 7க்கு அகலக்கோடு, நெடுங்கோடு படிப்பிக்கிறேன். பூகோள உருண்டை காட்டினேன், நகரங்களைக் குறிக்கக் கட்டத்தாளும் கொடுத்தேன். ஆனாலும் பாதிப் பிள்ளைகள் இரண்டையும் மாறிக் குறிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

புதிதாக நியமனம் கிடைத்து வந்தவர் போலத் தெரிகிறது. பிள்ளைகள் மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக் காரணம் கணிதப் பாடவேளையில் இருக்கிறது. (கணித ஆசிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம், குறை சொல்லவில்லை.) ஆள்கூறு என்றால் முதலில் பக்கவாட்டில் போ, பிறகு மேலே ஏறு என்று அங்கே பழகுகிறார்கள். நாங்களோ அகலக்கோட்டை முதலில் சொல்கிறோம், அதாவது முதலில் மேலே அல்லது கீழே. போதாததற்கு அகலக்கோடு கிடையாக ஓடுகிறது, அதன் எண் மட்டும் மேல்நோக்கிக் கூடுகிறது. பிள்ளை கோடு ஓடும் பக்கமே விரலையும் ஓட்டிவிடுகிறது.

எங்கள் ஊருக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. மட்டக்களப்பு ஏறத்தாழ 8 பாகை வடக்கு, 82 பாகை கிழக்கு. மாற்றிப் போட்டால் 82 வடக்கு, 8 கிழக்கு. அகலக்கோடு 90 வரை போகும் என்பதால் அப்படியும் ஓர் இடம் இருக்கிறது. வெறும் கட்டத்தாளில் அந்தப் புள்ளி எந்தப் பிழையையும் காட்டாது. இலங்கையில் எந்த ஊரை எடுத்தாலும் இதே கதைதான்.

நான் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தபோது இப்படிச் செய்தேன். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, ஒரு சென்டிமீற்றருக்கு 15 பாகை என்று கட்டம் கீறச் சொன்னேன். அகலம் 24, உயரம் 12, தாளில் சரியாக அடங்கும். நடுவில் மத்திய கோடும் கிறீன்விச் கோடும். குறிக்க வேண்டியவை மட்டக்களப்பு, சிங்கப்பூர் (1 வடக்கு, 104 கிழக்கு), தோஹா (25 வடக்கு, 52 கிழக்கு), ரொறன்ரோ (44 வடக்கு, 79 மேற்கு), சிட்னி (34 தெற்கு, 151 கிழக்கு). பிள்ளைகளின் சொந்தக்காரர் இருக்கும் ஊர்கள்தான் பெரும்பாலும்.

கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டக்களப்பைத் தாளின் உச்சியில் குறித்துவிட்டு நிம்மதியாக இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது சிங்கப்பூர். 104ஐத் தேடி மேலே போனான், கட்டம் 90இல் முடிந்துவிட்டது. அடிமட்டத்தை எடுத்து மேலே இன்னொரு வரிசை கீறப் பார்த்துவிட்டு, "டீச்சர், தாள் காணாது" என்றான்.

உருண்டை அப்போதுதான் தேவைப்படுகிறது. மத்திய கோட்டில் விரலை வைத்து 104 பாகை ஏறு என்றேன். 90இல் துருவம் வந்துவிட்டது. இன்னும் 14 போகச் சொன்னால் விரல் மறுபக்கம் இறங்கி 76இல் நிற்கிறது. அவனே சிரித்துவிட்டான். பிறகு அவன் குறித்த மட்டக்களப்பைத் தேடினோம். நோர்வேக்கும் வடக்கே உறைகடலில் கிடந்தது. தாளின் மேல்விளிம்பு 24 சென்டிமீற்றரும் உருண்டையில் ஒரே புள்ளிதான் என்பதையும் வகுப்பு அங்கேயே கண்டுகொண்டது. கட்டத்தாளின் பெரிய பொய் அதுதான், அதை மறைக்கவேண்டாம்.

ஆகவே உங்கள் பட்டியலில் நெடுங்கோடு 90ஐத் தாண்டும் நகரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், அதையும் தொடக்கத்திலேயே கொடுங்கள். மாற்றிப் போட்டவன் உடனே முட்டிக்கொள்வான். தோஹாவை மட்டும் கொடுத்தால் பெலாருஸில் போய் விழும், யாருக்கும் தெரியாது. விரல் பழக்கம் ஒன்றுதான்: மத்திய கோடும் கிறீன்விச் கோடும் வெட்டும் இடத்தில் தொடங்கி, முதலில் ஏறு அல்லது இறங்கு, பிறகு பக்கம் போ.

இதற்கெல்லாம் உருண்டை வகுப்புக்கு வரவேண்டுமே! எங்கள் பாடசாலையில் அது அதிபரின் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. யாராவது பார்வையிட வந்தால் வெளியே வரும், அவர்கள் வாகனம் ஏறியதும் உள்ளே போய்விடும். உடைந்தால் யார் பொறுப்பு என்பார்கள். பிள்ளை தொடாத உருண்டையை யாருக்காக வாங்கினார்களோ தெரியாது. அதைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திசை எழுதாமல் விடுவதும் இதே அளவு கேடு. ரொறன்ரோவுக்கு வெறுமனே 44, 79 என்று எழுதிக் கிழக்கே குறித்த பிள்ளைகள் உண்டு. அது கசகஸ்தானில், அல்மாட்டி நகரத்துக்குக் கிட்டப் போய் விழுகிறது. கிறீன்விச் கோட்டை மட்டக்களப்பு வாவி என்று வைத்து, கிழக்கே எழுவான்கரைப் பக்கமா மேற்கே படுவான்கரைப் பக்கமா என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் டக்கென்று சொல்வார்கள். அப்புறமும் திசை எழுதாதவர்களுக்கு நான் அரைப் புள்ளிகூடக் கொடுப்பதில்லை. கடுமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.