ட்ரேயில் சீட்டு இருக்கிறதே, அப்புறம் எதற்கு எண்ண வேண்டும்?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். சிசேரியன் ட்ரேயில் ‘24 கருவிகள்’ என்று சீட்டு இருக்கிறது, ரத்தம் ஒற்றும் துணியான மாப் பாக்கெட்டில் 5 என்று அச்சடித்திருக்கிறது. அப்புறம் எதற்கு ஆரம்பத்தில் எண்ண வேண்டும், கடைசியில் எண்ணினால் போதாதா என்கிறார் சீனியர் அக்கா. டாக்டரும் அவசரப்படுத்துகிறார். நான் என்ன செய்வது?

பதில்: போதாது தங்கச்சி. ஆரம்பத்தில் எண்ணாவிட்டால் கடைசியில் எண்ணுவதை எதோடு ஒப்பிடுவீர்கள்? சீட்டோடுதானே. அந்தச் சீட்டு, ட்ரே கட்டினவர் எத்தனை வைத்ததாக நினைத்தார் என்பதை மட்டும்தான் சொல்லும். களத்தில் லாரி ஏற்றும்போது மூட்டையை எண்ணாமல் விட்டுவிட்டு, கொள்முதல் நிலையத்தில் இறக்கும்போது எண்ணி யாரிடம் கணக்குக் கேட்க முடியும்?

ஒரு சிசேரியனையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பாக்கெட் மாப் பிரிக்கிறீர்கள், போர்டில் 10 என்று எழுதுகிறீர்கள், ஆனால் ஒரு பாக்கெட்டில் தவறிப்போய் 6 இருக்கிறது, ஆக உள்ளே போகக் காத்திருப்பது 11. குடல் வந்து மறைக்காமல் இருக்க கர்ப்பப்பைக்குப் பக்கவாட்டில் ஒரு மாப்பை டாக்டர் செருகுகிறார், ரத்தத்தில் ஊறி அது சதையின் நிறத்துக்கே வந்துவிடுகிறது. கடைசியில் எண்ணினால் 10, போர்டிலும் 10. எல்லோரும் ‘சரி’ என்கிறோம். பதினோராவது அந்தத் தாயின் வயிற்றில் இருக்கிறது, காய்ச்சல், வயிற்றுவலி, கட்டி என்று அவர் திரும்பி வரும் வரை யாருக்கும் தெரியாது.

இது கற்பனைப் பயம் இல்லை. மறந்துபோய் உள்ளே விடப்பட்ட பொருட்களைப் பற்றி 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. அதில் உள்ளே பொருள் தங்கிப்போன, கவுண்ட் எடுக்கப்பட்ட நோயாளிகளில் 88 சதவீதம் பேருக்குக் கடைசிக் கவுண்ட் சரி என்றே நினைத்திருந்தார்கள். அவசர ஆபரேஷனில் ஆபத்து பல மடங்கு கூடுவதையும் அதே ஆய்வு காட்டியது.

பாக்கெட்டில் 4 மட்டும் இருந்தால் வேறு தொல்லை. வயிற்றில் எதுவும் இல்லாமலே ஒன்று குறையும், மயக்கத்தில் ஒருத்தியை வைத்துக்கொண்டு எல்லோரும் தேடுவோம். அதைவிட மோசம், அடுத்த முறை நிஜமாகவே குறையும்போது ‘பாக்கெட்டிலேயே குறைவாக இருந்திருக்கும்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள், நாமும் நம்பிவிடுவோம். முதல் கவுண்ட் சுத்தமாக இருந்தால் அந்த வாக்கியத்தை யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கத்தி வைப்பதற்கு முன்னால், ஸ்க்ரப்பில் இருப்பவரும் வெளியில் நிற்பவரும் இரண்டு பேரும் கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ணுங்கள். மாப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, எக்ஸ்ரேயில் தெரியும் நூல் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கருவிகளை ஆர்ட்டரி, ஆலிஸ், கிரீன் ஆர்மிடேஜ் என்று வகைவகையாக எண்ணுங்கள், ரிட்ராக்டரில் திருகு இருந்தால் அதையும் சேர்த்து. பாக்கெட்டில் எண்ணிக்கை தப்பாக இருந்தால் போர்டில் திருத்த வேண்டாம், அந்தப் பாக்கெட்டையே ஒரு பையில் கட்டித் தியேட்டரை விட்டு அகற்றிவிடுங்கள். நடுவில் ரத்தப்போக்கு அதிகமாகி இன்னொரு பாக்கெட் பிரித்தால் அதையும் அந்த நிமிஷமே எண்ணி எழுத வேண்டும், அவசரத்தில் பெரும்பாலும் நழுவுவது இந்த இடம்தான்.

இனி டாக்டரின் அவசரம். கர்ப்பப்பையை மூடுவதற்கு முன்னால் ஒரு கவுண்ட், வயிற்றுக்குழியை மூடுவதற்கு முன்னால் ஒன்று, தோலுக்கு ஒன்று. கர்ப்பப்பை திறந்திருக்கும்போது குறைந்தது தெரிந்தால் கையை விட்டு எடுத்துவிடலாம், தோல் தைத்த பிறகு தெரிந்தால் மறுபடி திறக்க வேண்டும். அதனால் அவர் தையல் கேட்கும் வரை காத்திருக்காமல் நஞ்சுக்கொடி வெளியே வந்ததுமே எண்ண ஆரம்பித்துவிடுங்கள், பாதி அவசரம் தானாகக் குறையும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாப்களைப் பிரித்து ஐந்து ஐந்தாகப் போடுங்கள். பக்கெட்டும் அழுக்குத் துணியும் கடைசிக் கவுண்ட் முடியும்வரை தியேட்டரை விட்டுப் போகக் கூடாது.

குறைந்தால் தயங்காமல் “சார், ஒரு மாப் குறையுது, மூட வேண்டாம்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவர் வயிற்றுக்குள் தேடட்டும், நீங்கள் தரை, பக்கெட், ட்ரேப் மடிப்பு, செருப்பின் அடிப்பக்கம் எல்லாம் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் எக்ஸ்ரே, இடுப்பெலும்பு வரை முழு வயிறும் விழும்படி. மாப்பின் நூலும் கருவியும் அதில் தெரியும், மிகச் சின்ன ஊசி தெரியாமல் போகலாம், அதனால் ஊசி விஷயத்தில் எக்ஸ்ரே சுத்தமாக வந்ததை வைத்து ‘உள்ளே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள், ‘கிடைக்கவில்லை, எக்ஸ்ரேயில் தெரியவில்லை’ என்றே எழுதி டாக்டரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.