வெள்ளை மைவியை எடுங்க: மூன்று நிமிட நகைச்சுவை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

பினாங்கு, ஆயர் ஈத்தாம்: அக்கா, கல்யாண மண்டபத்தை வைத்து ஒரு வீடியோ எழுதினேன். மைக் வேலை செய்யல, சாப்பாடு பத்தல, போட்டோக்காரர் தொல்லை, எல்லாமே இருக்கு. ஏழு நிமிஷம் போகுது. எதை வெட்டறது?

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேறு வீடியோவுக்கு எடுத்து வையுங்கள், தம்பி. மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு கோணல்தான், அதாவது வழக்கத்துக்கு மாறாகப் போகும் ஒரே ஒரு விஷயம்தான், தாங்கும். நான் எழுதினால் வாகனத்தை எடுப்பேன். மண்டபத்து வாசலை மறித்து ஒரு வெள்ளை மைவி கார் நிற்கிறது. நம் ஊரில் அது யாருடையதாகவும் இருக்கலாம், விளக்கமே தேவையில்லை.

முதல் இருபது விநாடியில் இடம் தெரிய வேண்டும்: மணவறை, ஐயர் பூஜையைத் தொடங்கிவிட்டார், மைக் பிடித்த அறிவிப்பாளர். உடனே முதல் அறிவிப்பு: "வெள்ளை மைவி, கொஞ்சம் எடுத்து வழி விடுங்க." யாரும் அசையவில்லை. கோணல் இருபதாவது விநாடிக்குள் வராவிட்டால் பார்ப்பவர் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். பெயர் சொல்லி அறிமுகம் செய்வதெல்லாம் வேண்டாம்.

செந்தூல்: அப்புறம் ஒவ்வொரு தடவையும் அறிவிப்பாளர் இன்னும் சத்தமா கத்தினா போதும்தானே?

பாதி சரி. சத்தம் கூடலாம், ஆனால் அது கூடுவதற்குக் காரணமும் கூட வேண்டும். இதில் நான் ஏற்றுவது, யார் மாட்டிக்கொண்டார்கள் என்பதை. முதலில் வீட்டுக்குக் கிளம்பும் ஒரு பெரியவர். அடுத்து சாப்பாடு கொண்டு வந்த வேன். இப்போது மண்டபம் முழுக்கக் கவலை வருகிறது, பெண்ணின் அப்பா மைக்கைப் பிடுங்குகிறார். மூன்றாவதாக மாப்பிள்ளையின் காரே உள்ளே வர முடியாமல் நிற்கிறது. ஐயர் கடுப்பாகிறார்: "நல்ல நேரம் போகுது, பொறுப்பில்லாத ஜனங்க!" அந்தப் படிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை முதலில் மாட்டினால், அதற்குப் பிறகு பெரியவர் மாட்டியது யாருக்கும் சிரிப்பாக இருக்காது. படிகளை இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், அங்கே ஏற்றமே இல்லை.

இதற்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், மூன்று படி போதும். நான்காவது படி எழுதத் தோன்றும், எழுதாதீர்கள்.

பட்டர்வொர்த்: தங்கச்சி, என் பையன் கூட்டாளிங்க எட்டு பேர். எல்லாருக்கும் வசனம் வேணும்னு வீட்ல ஒரே சண்டை. அதுக்கு ஏதாவது வழி சொல்லு.

அக்கா, அந்தச் சண்டையை நான் தீர்க்க முடியாது! ஆனால் மூன்று பேருக்கு வசனம் கொடுங்கள்: அறிவிப்பாளர், பெண்ணின் அப்பா, ஐயர். மற்ற ஐந்து பேரும் விருந்தாளிகள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "என் வண்டி இல்ல" என்று கையாட்டட்டும். வசனத்தைவிட அந்த முகங்களுக்கு அதிகம் சிரிப்பார்கள். அதைச் சொல்லிச் சமாதானம் செய்து பாருங்கள்.

செந்தூல்: முடிவு? யாரோட வண்டி?

ஐயருடையது. அடுத்த மண்டபத்துக்குச் சீக்கிரம் ஓட வேண்டும் என்று வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். இது வானத்திலிருந்து விழக்கூடாது என்பதால், முதல் காட்சியிலேயே அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அறிவிப்பாளருக்கு வண்டி எண் கடைசியில்தான் கிடைக்கிறது. அதை வாசிக்கிறார். மந்திரம் நிற்கிறது. ஐயர் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டுகிறார்: "தம்பி, இந்தா… சாவி."

"சாவி என்கிட்டதான் இருக்கு தம்பி" என்று எழுதினால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்துவிடும், மீதிச் சொற்கள் சிரிப்பின் மேல் விழும். சாவி என்ற சொல்லோடு வெட்டிவிடுங்கள். மாப்பிள்ளை ஓடி வருவது, எல்லாரும் சிரிப்பது, எதுவும் வேண்டாம்.

கிள்ளான்: மன்னிக்கணும், கடிகாரம் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதைத் தூக்கிடலாமே?

நீங்கள் எழுதுகிறவர், அதனால் தேடிப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் நியாயமான சந்தேகம். கடிகாரத்தை ஒரே தடவை, அதுவும் வேறொருவர் பேசும்போது ஓரத்தில் காட்டலாம். முழுக்க எடுத்துவிட்டால் முடிவு திடீரென்று ஒட்டவைத்தது போல இருக்கும் என்பது என் கருத்து.

கிள்ளான்: எனக்கு அப்படித் தோணல. ஐயர் திட்டறதே போதும், திட்டறவர்தான் மாட்டணும்.

இருக்கலாம். இரண்டு விதமாகவும் வெட்டி, கதை தெரியாத நாலு பேரிடம் காட்டுங்கள். மைவி யாருடையது என்று எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது அறிவிப்புக்கு முன்பே சொன்னால் நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆயர் ஈத்தாம்: அக்கா, எழுதி முடிச்சேன், மூணு பக்கம் வருது. மூணு நிமிஷம்தானே?

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது தோராயக் கணக்கு. எழுந்து நின்று, நடிகர்கள் பேசும் வேகத்தில் உரக்கப் படித்துப் பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தால் படப்பிடிப்புக்குப் போகலாம், முகங்களுக்கும் இடைவெளிகளுக்கும் மீதி அரை நிமிடம் ஓடிவிடும். தாண்டினால் முதலில் பெரியவர் மாட்டும் இடத்தைச் சுருக்குங்கள்.