யூபிஐ பின் கேட்டா அது போற பணம்தான்

"சார், பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு ஆன்லைன்ல விக்க போட்டிருந்தேன். 4,500க்கு எடுத்துக்கறேன்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் போடுங்க பணம் ஏறிடும்ங்கறார். ஸ்கேன் பண்ணா அவர் பேரு, 4,500, கீழ Receive payment-ன்னு வருது. இது வர்ற பணமா போற பணமா, எப்படி தெரிஞ்சுக்கறது?"

பின் போட்டுறாதீங்க, அது உங்க கணக்குல இருந்து போற பணம். யூபிஐல க்யூஆரை ஸ்கேன் பண்றவர்தான் பணம் கொடுக்கறவர், வாங்கறவர் சும்மா க்யூஆரையோ யூபிஐ ஐடியையோ காட்டுனா போதும், அவர் போன் ஆஃப் ஆயிருந்தாக்கூட பணம் கணக்குல ஏறிடும்.

அப்ப Receive payment-ன்னு எப்படி வந்துச்சுன்னா, அது ஆப் எழுதுனது இல்ல, அந்த ஆளு எழுதுனது. க்யூஆருக்குள்ள இருக்கறது ஒரு சின்ன லிங்க் அவ்ளோதான், இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=abc@bank&pn=Fridge%20Buyer&am=4500&cu=INR&tn=Receive%20payment
```

`pa` அவரோட ஐடி, `pn` அவர் போட்டுக்கிட்ட பேரு, `am` தொகை, `tn`ங்கறது நோட். நாம கடைல பணம் அனுப்பும்போது "வாடகை", "பால் காசு"ன்னு டைப் பண்றோம்ல, அதே இடம்தான், அதுல யாரும் என்ன வேணா எழுதலாம், Refund-ன்னு எழுதலாம், Credit-ன்னு எழுதலாம், ஆப் அத அப்படியே காட்டும். ஆரம்பத்துலயே `pay`ன்னு நிக்குது பாருங்க, வேலைய சொல்றது அது ஒண்ணுதான். சந்தேகமா இருந்தா அந்தப் படத்த பேமெண்ட் ஆப்ல போடாம சாதாரண க்யூஆர் ரீடர்ல போடுங்க, இந்த வரி முழுசா தெரியும்.

அதனால ஸ்கிரீனப் பாக்கும்போது எது அவங்க எழுதுனது, எது ஆப்பும் பேங்கும் எழுதுனதுன்னு பிரிச்சுப் பாக்கணும். நோட்டும், தொகையும், லோகோ படமும் அவங்க கைல இருக்கு. பட்டன்ல இருக்கற `Pay`ங்கற வார்த்தை, எந்தக் கணக்குல இருந்து போகுதுன்னு காட்டற உங்க பேங்க் பேரும் கடைசி நாலு நம்பரும், இதெல்லாம் அவங்களால தொட முடியாது. வர்ற பணத்துக்கு "எந்தக் கணக்குல இருந்து"ன்னு உங்கள கேக்க வேண்டிய அவசியமே இல்லையே. 2025 ஜூன் கடைசியில இருந்து பேங்க்ல பதிவான பேரத்தான் காட்டணும்னு ஆப்களுக்கு விதி வந்திருக்கு, ஃப்ரிட்ஜ் வாங்கறவர் சொன்ன பேரும் ஸ்கிரீன்ல வர்ற பேரும் வேற வேறயா இருந்தா அங்கயே நிறுத்திடுங்க.

ஆனா பின் கேக்கலன்னா பயமில்லன்னு மட்டும் நினைக்காதீங்க. யூபிஐ லைட் வச்சிருந்தா சின்னத் தொகை பின் இல்லாமலே போயிடும், இப்ப பின்னுக்குப் பதிலா கைரேகை, முகம்னும் வந்திருக்கு, அதுவும் பின் போட்ட மாதிரிதான்.

இன்னொரு தந்திரம் சொல்றேன், இதுலதான் படிச்சவங்களும் மாட்டறாங்க. "நம்பிக்கை இல்லன்னா 5 ரூபாய்க்கு முதல்ல செக் பண்ணுங்க"ன்னு ஒரு க்யூஆர் வரும். நீங்க பின் போடுவீங்க, 5 ரூபா போயிடும், அதே நிமிஷம் அவர் தனியா 10 ரூபா அனுப்பிடுவார். பேலன்ஸ் பாத்தா 5 ரூபா கூடியிருக்கும், சரி வேலை செய்யுதுன்னு அடுத்து 4,500க்கு பின் போடுவீங்க, இந்த தடவ திரும்ப எதுவும் வராது. பேலன்ஸ மட்டும் பாக்காம பேங்க் ஸ்டேட்மென்ட்ட பாத்திருந்தா debited 5, credited 10ன்னு ரெண்டு தனித்தனி வரி இருக்கும், ஸ்கேன் பண்ணதுக்கு வந்தது அந்த debited தான்.

க்யூஆர் இல்லாம, பணம் கேட்டு வர்ற ரிக்வெஸ்ட் நோட்டிஃபிகேஷனும் ஒண்ணு உண்டு. தனி ஆளு இன்னொரு ஆளுக்கு அப்படி அனுப்பறத 2025 அக்டோபர் 1ல இருந்து நிறுத்திட்டாங்க, அதனால தெரியாத ஆளு "ரிக்வெஸ்ட் அனுப்பறேன், அக்செப்ட் பண்ணுங்க பணம் வரும்"னு சொன்னா அது பொய். ஸ்கிரீன்ல `Autopay`, எத்தன நாளைக்கு ஒரு தடவ, எது வரைக்கும்னு தேதி தெரிஞ்சா அது இன்னும் மோசம், இப்ப ஒரு தடவ பின் போட்டா பின்னால 15,000 ரூபா வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் கேக்காமலே எடுக்கலாம்.

அந்த ஆளுகிட்ட உங்க யூபிஐ ஐடிய மட்டும் கொடுங்க. "அனுப்பிட்டேன்"னு ஸ்கிரீன்ஷாட் காட்டினா அத நம்பாம உங்க பேங்க் ஆப்ல பேலன்ஸ் பாத்துட்டு ஃப்ரிட்ஜ வண்டில ஏத்துங்க. ஏற்கனவே பின் போட்டுட்டீங்கன்னா இதப் படிச்சு முடிக்கற வரைக்கும்கூட காத்திருக்காதீங்க, 1930க்கு போன் போட்டு அந்த பரிவர்த்தனை நம்பர சொல்லுங்க, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்றதுக்குள்ள சொன்னா பேங்க்ல அத நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.