தினமும் ரீடிங் கேட்பவரைத் தன் முடிவுக்குத் திருப்புவது எப்படி? டாரட் கேள்வி பதில்

அக்கா, நான் ரீடிங் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கிளையண்ட் தினமும் காலையில் கேட்கிறார். முதலில் வேலை பற்றி, இப்போது யாருக்கு போன் பண்ணலாம் என்பது வரைக்கும். மனம் நோகாமல் எப்படிப் பேச்சை எடுப்பது?

அறிவுரையாகத் தொடங்காதீர்கள், அவருடைய கேள்விகளையே அவரிடம் காட்டுங்கள். என்னிடம் வந்த ஒருவர் "வேலையை விடலாமா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ரீடிங்கையும் தேதி, கேள்வி, வந்த கார்டு என்று நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். ஒரு நாள் அந்த நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஆறு வாரத்தில் அதே கேள்வி 19 முறை. திங்கட்கிழமை எய்ட் ஆஃப் கப்ஸ், அடுக்கி வைத்த கோப்பைகளை விட்டுவிட்டு ஒருவர் நடந்து போகும் கார்டு. செவ்வாய்க்கிழமை ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ், காசை மார்போடு இறுக்கிப் பிடித்திருப்பவர். "இந்த ரெண்டு நாளுக்கு நடுவில் ஆபீஸில் ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இல்லை. திங்கட்கிழமை வந்தது பயமா இருந்துச்சு, அதான் மறுபடி கேட்டேன்" என்றார்.

அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. 78 கார்டுகளைக் கலைத்துக் கலைத்து எடுத்தால் பதில் மாறிக்கொண்டேதான் இருக்கும். கார்டு வந்ததும் மனசு லேசாகிறது, சாயங்காலத்துக்குள் சந்தேகம் திரும்பி வருகிறது, மறுநாள் இன்னொரு கார்டு. சந்தேகத்தோடு ஒரு ராத்திரி இருந்து பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை. உங்களுடையவரிடம் கேள்வி சின்னதாகிக்கொண்டே வருகிறது என்கிறீர்கள், அதைக் கவனியுங்கள். பெரிய விஷயத்தில் தொடங்கிய பழக்கம் போன் பண்ணுவது வரை இறங்கிவிட்டது.

சரி, நோட்டைக் காட்டிவிட்டேன், அவருக்கும் புரிந்துவிட்டது. அதற்கு அடுத்து என்ன செய்வது? மறுநாள் காலையில் மறுபடி மெசேஜ் வருமே!

வரும். புரிந்துவிட்டால் பழக்கம் போய்விடாது. நான் மாற்றியது வரிசையை. கார்டைத் திருப்புவதற்கு முன்னால், "இன்னிக்கு கார்டே இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டு, அதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்தேன். முதல் முறை பேனாவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "மூணு மாசம் இருந்து பார்க்கிறேன், அதுக்குள்ள வேற இடத்தில் விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு கார்டு. கேள்வியும் வேறு: "இந்த முடிவில் நான் பார்க்காமல் விட்டது என்ன?" டூ ஆஃப் சோர்ட்ஸ் வந்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளைப் பிடித்திருக்கும் பெண். அதைப் பார்த்துவிட்டு, வீட்டுச் செலவுக் கணக்கை இன்னும் உட்கார்ந்து போடவே இல்லை என்று அவரே சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை.

இடைவெளியை அப்புறம்தான் கூட்டினேன். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. எந்தக் கிழமை என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். சின்னக் கேள்விகளை முதலில் விட்டுவிட வேண்டும். போன் பண்ணலாமா என்பதில் முடிவு பிசகினாலும் பெரிய நஷ்டம் இல்லை, பழகுவதற்கு அதுவே நல்ல இடம். நடுவில் மெசேஜ் வந்தால் கார்டு எடுக்காமல், "தாளில் எழுதி வையுங்கள், வியாழக்கிழமை பார்ப்போம்" என்று ஒரே வரிதான் அனுப்புவேன். முதல் வாரம் ஒரே நாளில் நான்கு முறை கேட்டார். வியாழக்கிழமை தாளைப் பிரித்தபோது அந்த நான்கில் மூன்று தானாகவே முடிந்து போயிருந்தன.

எதுக்கு இவ்வளவு சுற்றி வளைக்கணும்? ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் கார்டு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் ஒருவரை ஒரே நாளில் நிறுத்தி நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து தொந்தரவே இல்லை.

நிலைமை மாறாமல் அதே கேள்விக்கு மறுபடி கார்டு எடுக்கக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் தொந்தரவு இல்லாமல் போனது உங்களுக்கு. அவர் முடிவெடுக்கப் பழகினாரா, வேறொரு ரீடரிடம் போனாரா என்று எப்படித் தெரியும்? என்னிடம் வந்தவரும் அப்படி ஓரிடத்தில் கதவு சாத்தப்பட்டுத்தான் வந்தார். வந்தபோது ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தினமும் காலையில் எனக்கே ஒரு கார்டு எடுக்கிறேன். அப்படியானால் அதுவும் தப்பா? விட்டுவிடணுமா?

இல்லைங்க, நாம் பேசுவது வேறு. ஒரு நாள் மறந்து போனால் உங்களுக்கு என்ன ஆகிறது? பிடிக்காத கார்டு வந்தால் இன்னொன்று எடுக்கிறீர்களா? இரண்டுக்கும் "ஒன்றுமில்லை", "இல்லை" என்பது பதிலானால் நிம்மதியாகத் தொடருங்கள்.

நான் மனநல ஆலோசகர். பதற்றம் அதிகம் உள்ளவர்கள் உறுதி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு உறுதியும் அடுத்ததற்குத்தான் தூண்டும். "நீங்களே நல்லா முடிவெடுத்தீங்க" என்று ரீடர் சொல்வதும் ஓர் உறுதிதானே? கார்டு போய் அந்த இடத்தில் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

நான் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். அவர் தாளைப் படித்ததும் "அருமை" என்பேன். சில வாரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு பாராட்டை நிறுத்திவிட்டு, "போன வாரம் எடுத்த முடிவு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். விளைவு நல்லதோ கெட்டதோ, அவர் வாயாலேயே வரட்டும் என்று விட்டேன். ஆனாலும் வாரம் ஒருமுறை என்னிடம் வருவதே ஓர் ஊன்றுகோல்தானோ என்ற கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை.

ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன். தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, கார்டு இல்லாமல் வெளியே கிளம்பவே முடியவில்லை என்றால் அது நம் கையில் இல்லை, உங்களைப் போன்றவர்களிடம் போக வேண்டியது. உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் ரீடிங்கை அந்த இடத்திலேயே நிறுத்தி, அவருக்கு நெருக்கமானவரையும் மருத்துவ உதவியையும் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

மேடம், தினமும் வரும் இருவரால்தான் என் வருமானத்தில் பாதி ஓடுகிறது. குறைத்தால் நான் என்ன செய்வேன்?

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. குறைக்கத் தொடங்கும் முன் புதியவர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். மாதக் கட்டணம் வாங்கித் தினமும் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் புதிதாக யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தக் கட்டணம் கையில் இருக்கும்வரை "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழாது.

இங்கே எல்லோரும் பேசுவது என்னைப் பற்றித்தான் போல இருக்கிறது. நானும் தினமும் கேட்கிற ஆள். நாளை மறுநாள் ஒரு நேர்காணல். போகலாமா? ஒரே ஒரு கார்டு, அக்கா.

இன்றைக்கு எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாளை எடுத்து, போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று இரண்டிரண்டு வரி எழுதுங்கள். எழுதும்போது எந்தப் பக்கம் கை வேகமாக ஓடியது என்று பாருங்கள். தாளை மடித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் பிரித்துப் பார்த்து முடிவெடுங்கள். எந்த முடிவானாலும் நேர்காணல் நாள் தாண்டியதும் அந்தத் தாளோடு வாருங்கள். அன்றைக்குச் சேர்ந்து ஒரு கார்டு எடுப்போம்.