இரும்பு மாத்திரைக்கு ஏறாத ஹீமோகுளோபின்: திருமணத்துக்கு முன் தலசீமியா கேள்விகள்

நான்கு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 10.9-ஐத் தாண்டவில்லை. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தலசீமியா பரிசோதனை தேவையா?

தேவை. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். நீங்கள் அனுப்பிய ரத்த அறிக்கையில் ஹீமோகுளோபினை விட இரண்டு எண்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 64, வழக்கமாக 80-க்கு மேல் இருக்க வேண்டும். அதே சமயம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 56 லட்சம். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறியதாகும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். உங்களுக்கோ அணுக்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கை நிறைய. இது பீட்டா தலசீமியா கேரியரிடம், அதாவது பழுதான பீட்டா மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவரிடம், அடிக்கடி காணும் ஜோடி. ஆனால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஹெச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2-வின் அளவைப் பாருங்கள். பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியர் என்று எடுத்துக்கொள்வோம்.

கேரியர் என்பது நோய் இல்லை. லேசான ரத்தசோகையோடு ஆயுள் முழுக்க நன்றாக வாழலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இல்லாத வரை அந்த மாத்திரையால் உங்களுக்குப் பலனும் இல்லை.

நான் கேரியர், ஏ2 5.2. மணமகனின் அறிக்கையில் ஏ2 3.3, 'இயல்பு' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பயமில்லையே?

அவருடைய எம்.சி.வி. 70, ஃபெரிட்டின் 8 என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் 'இயல்பு' என்ற சொல்லை நான் இப்போதைக்கு ஏற்க மாட்டேன். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு ஏ2-வின் அளவைக் கீழே இழுத்துவிடும். கேரியராக இருப்பவர் கேரியர் இல்லாதவர் போலத் தெரிவார். இதைக் கவனிக்காமல் விட்டு, குழந்தை பிறந்த பிறகு தெரியவரும் குடும்பங்கள் உண்டு. அந்த வலி தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நேரம் இருந்தால், இரும்புச்சத்து ஏன் குறைந்தது என்று பார்த்துச் சரிசெய்து, சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கலாம். நேரமில்லை என்றால் நேரடியாக மரபணுப் பரிசோதனை. அவர் உண்மையிலேயே கேரியர் இல்லை என்று உறுதியானால், உங்கள் குழந்தைகளுக்குக் கடுமையான பீட்டா தலசீமியா வர வழியில்லை. அவர்களும் உங்களைப் போலக் கேரியராகப் பிறக்க ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான்.

நாங்கள் இருவருமே கேரியர். முதல் குழந்தைக்குத் தலசீமியா மேஜர். நான்கில் ஒன்று என்றார்கள். அந்த 'ஒன்று' முடிந்துவிட்டதால் அடுத்த மூன்றும் நன்றாக இருக்குமா?

இல்லை. ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் மேஜையில் இரண்டு கிண்ணங்கள் வைப்பேன்: ஒன்று அம்மா, ஒன்று அப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சீட்டு, ஒரு சிவப்புச் சீட்டு. சிவப்பு என்றால் பழுதான பீட்டா மரபணு. கண்ணை மூடி இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சீட்டு எடுக்கச் சொல்வேன். இரண்டும் சிவப்பு என்றால் மேஜர், அதாவது கடுமையான தலசீமியா. ஒன்று மட்டும் சிவப்பு என்றால் கேரியர். அப்புறம் சீட்டுகளைத் திரும்பக் கிண்ணத்தில் போடச் சொல்வேன். அதுதான் முக்கியம். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி அதே நான்கு சீட்டுகள். முன்பு என்ன வந்தது என்பது கிண்ணத்துக்குத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜர் 25 சதவீதம், கேரியர் 50, இரண்டும் இல்லாமல் 25. இரு கேரியர்கள் இரண்டு குழந்தை பெற்றால், இருவருக்குமே மேஜர் இல்லாமல் இருக்க வாய்ப்பு முக்காலில் முக்கால், அதாவது 16-ல் 9. சிலர் நான்கு குழந்தைகளையும் பாதிப்பில்லாமல் பெறுகிறார்கள். சிலருக்கு முதல் இரண்டுமே மேஜர்.

இருவரும் கேரியர் என்று தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

அதை ஆலோசகர் சொல்லக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன். மேஜர் என்றால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், உடலில் சேரும் இரும்பை அகற்ற தினமும் மருந்து வேண்டும் என்று தெரிந்துகொண்டு நீங்கள் இருவரும் முடிவெடுக்க வேண்டும். சிலர் விலகுகிறார்கள். பலர் திருமணம் செய்து, கர்ப்பத்தின் 11-வது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. சிலர் கருவைச் சோதித்துப் பின் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். முறைக்குப் போகிறார்கள்.

எந்த வழியானாலும் ஒரு வேலையை முன்கூட்டியே செய்துவிடுங்கள். பீட்டா மரபணுவில் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் உண்டு. உங்கள் இருவரிடமும் இருப்பது எது என்று கர்ப்பத்துக்கு முன்பே மரபணு அறிக்கை வாங்கி வையுங்கள். ஏ2 அளவு இதைச் சொல்லாது. கர்ப்பமான பிறகு தேட ஆரம்பித்தால், வாரங்கள் ஓடிவிடும்.