கார்த்திகை விளக்கு: சூளைல உடையறதும் விலை போடறதும்

கேள்வி: வீட்லயே டெரகோட்டா விளக்கு, சின்ன பானை எல்லாம் செஞ்சு கார்த்திகைக்கு விக்கலாம்னு இருக்கேன். சுடும்போது பாதி உடைஞ்சு போகுது. என்ன விலை வைக்கிறதுன்னும் தெரியல.

நீங்க ஐப்பசில ஆரம்பிச்சிருப்பீங்க, அதான் பிரச்சினை. கார்த்திகை தீபம் வர்றதே வடகிழக்கு மழை கொட்டற நேரம், அப்ப செய்யற விளக்கு மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் அப்படியே உக்காந்திருக்கும். நான் ஆடியிலயே தொடங்கிடுவேன், புரட்டாசிக்குள்ள சுட்டு முடிச்சிடணும். வேளார் வீட்டுல பொறந்தவங்க இதப் படிச்சா சிரிக்கலாம், அவங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. நான் சொல்றது சக்கரம் இல்லாம அச்சுல அமுக்கி, கையால பிடிச்சு செய்யற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு.

காஞ்சிருக்கான்னு பாக்க கலர நம்பாதீங்க. விளக்கோட அடிப்பக்கத்த கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஓரம் மெல்லிசா இருக்கறதால சீக்கிரம் காஞ்சிடும், அடி தடிமனா இருக்கறதால காயாது, அதுதான் முதல்ல வெடிக்கும். வெயில்ல வச்சு அவசரப்படுத்தினா ஓரம் சுருங்கி அங்கயே கீறல் விடும், நிழல்ல கவுத்து வைங்க. பிள்ளையார், யானை மாதிரி உருண்டையான பொம்மைன்னா உள்ள குடைஞ்சு எடுத்துட்டு அடியில ஒரு ஓட்டை போடுங்க.

உடைஞ்சதப் பாத்தாலே எதனால உடைஞ்சுதுன்னு சொல்லிடலாம். தீ மூட்டின கொஞ்ச நேரத்துலயே டப் டப்னு சத்தம் வந்து, துண்டு செதில் செதிலா பெயர்ந்திருந்தா அது ஈரம். தண்ணி ஆவியாகி வெளிய வர வழியில்லாம மண்ணத் தள்ளிட்டு வருது. அதனால முதல் ரெண்டு மூணு மணி நேரம் புகை மட்டும் போற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா வரட்டி போடணும், அப்புறம்தான் விறகு, தென்னை மட்டை எல்லாம். செதில் இல்லாம ஒரே நீளக் கீறலா இருந்தா சூடா இருக்கும்போதே சூளையத் திறந்துட்டீங்க, இல்ல ஒரு பக்கம் காத்து அடிச்சிருக்கு. ராத்திரி சுட்டா மறுநாள் சாம்பல் ஆறினப்புறம்தான் கை வைக்கணும்.

மூணாவது ஒண்ணு இருக்கு, ரொம்ப எரிச்சலானது. சூளைல இருந்து நல்லா வந்த விளக்கு, சில நாள் கழிச்சு தானா ஒரு பொட்டு பெயர்ந்து விழும், குழிக்குள்ள வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். மண்ணுல இருந்த சுண்ணாம்புக் கல்லு சூட்டுல வெந்து, காத்துல இருக்கற ஈரத்த இழுத்து ஊதிடுது. மண்ணக் கரைச்சு சல்லடைல வடிகட்டறதுதான் வழி. சுட்டதும் உடனே பெயிண்ட் அடிக்காம ஒரு வாரம் வச்சுப் பாருங்க.

அந்த மண்ணு கிடைக்கறதே இப்ப பெரும்பாடு. ஏரில ஒரு சாக்கு மண் எடுக்கப் போனா யார் நீ, எதுக்குன்னு ஊரே கேக்குது, அதே ஏரில ராத்திரியில லாரி லாரியா அள்ளறவங்கள ஒருத்தரும் கேக்கறதில்ல. சரி விடுங்க, சொன்னா வம்பு.

விலைக்கு வர்றேன். முந்நூறு அகல் அமுக்கறீங்கன்னு வைங்க, காயறதுல கொஞ்சம், சூளைல கொஞ்சம், சுண்ணாம்புல கொஞ்சம் போய் இருநூறு தேறுது. மண், வரட்டி, விறகு, பெயிண்ட், ஸ்டால் வாடகை எல்லாம் சேத்து 2500 ரூபா. நிறைய பேர் 2500ஐ முந்நூறால வகுத்து எட்டு ரூபா சொச்சம்னு கணக்கு போடறாங்க. தேறின இருநூறால வகுங்க, பன்னெண்டரை ரூபா. உங்க உழைப்பு இருபத்தஞ்சு மணி நேரம், மணிக்கு 80 ரூபான்னாலே இன்னொரு பத்து ரூபா ஏறும். ஆக அடக்கமே இருபத்திரெண்டரை, அதுக்குக் கீழ குடுத்தா கைக்காசுதான் போகும்.

ரெண்டு ரூபா மூணு ரூபாக்கு அகல் விக்குதேன்னு கமெண்ட்ல கேப்பீங்க, தெரியும். அது சக்கரத்துல கை ஓட்டத்துல செய்யறது, அதோட சாதா அகல்ல நம்ம போட்டி போடவே கூடாது. அஞ்சு முக விளக்கு, தொங்க விடற விளக்கு, சின்ன மாடம் மாதிரி கைவேலை தெரியற சாமான் பண்ணுங்க. கடைக்காரங்க வித்ததும் காசு தர்றேன்னு வாங்கி வச்சா கவனம். எங்க ஊர்ல ஒருத்தர் பொங்கல் வரைக்கும் இழுத்தடிச்சு, அவர் கடைல உடைஞ்சதையும் என் கணக்குல கழிச்சார்.

பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும் அடிங்க, திரி வைக்கற மூக்குல அடிச்சா கருகி நாத்தம் வரும். வாங்கறவங்ககிட்ட முதல் தடவை ஏத்தறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தண்ணில ஊறப்போட்டு காய வைக்கச் சொல்லிடுங்க, அக்ரிலிக் அடிக்காத விளக்குக்குத்தான் இது. இல்லன்னா எண்ணெய் குடிக்குது, உன் விளக்கு ஓட்டைன்னு அடுத்த நாளே போன் வரும்.